வீட்டு மாங்காய் ஊறுகாய்: ஒரு பாட்டிலின் அடக்க விலையும் விற்பனை விலையும் கணக்கிடும் முறை

ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடையில் இருக்கும் பாட்டிலின் விலையைப் பார்த்து, அதில் பத்து ரூபாய் கூட்டியோ குறைத்தோ தங்கள் விலையை வைக்கிறார்கள். சீசன் முடிந்ததும் கையில் பணம் நிற்கவில்லையே என்று தேடுகிறார்கள். பணம் எங்கே போனது என்பது அடக்க விலையை வரிசையாகப் போட்டால்தான் தெரியும். அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு 10 கிலோ மாங்காயில், கொட்டை நீக்கி, சிறு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் போடும் கார ஊறுகாயை எடுத்துக்கொள்கிறோம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் எடை மெஷின் ஒன்று, 10 கிலோவுக்கு மேல் எடைபோடும் தராசு ஒன்று. இரண்டும் வேண்டும். பெரிய தராசில் பாட்டிலை எடைபோட முடியாது. சின்ன மெஷினில் மாங்காயைப் பத்து முறை பிரித்துப் போட்டால் பிழை கூடிக்கொண்டே போகும்.

ஒரு நோட்டு. அதில் ஒரு ஈட்டுக்கு ஒரு பக்கம். வாங்கிய தேதி, எடை, விலை, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் அன்றன்றே எழுத வேண்டும். உழைப்பு நேரத்தை நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும். நறுக்கிய நேரம் நினைவில் இருக்கும், பாட்டில் கழுவித் துடைத்த நேரம் இருக்காது.

வாங்கிய பொருள் எல்லாவற்றுக்கும் ரசீது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பாட்டிலுக்கும் லேபிளுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதனால் ரசீதின் கடைசி வரியில் இருக்கும், வரியோடு சேர்ந்த தொகைதான் உங்கள் செலவு.

2. பாட்டிலை முதலில் முடிவு செய்யுங்கள்

ஊறுகாய் போட்ட பிறகு பாட்டில் தேடுவது தவறான வரிசை. நிகர எடை தெரியாமல் எத்தனை பாட்டில் வேண்டும் என்று தெரியாது, லேபிளும் அடிக்க முடியாது.

பாட்டில் கடையில் மில்லி கணக்கில் சொல்வார்கள், நீங்கள் விற்பதோ கிராமில். 300 மில்லி பாட்டிலில் 300 கிராம் பிடிக்கும் என்று நினைத்து நூறு பாட்டில் வாங்கிவிட வேண்டாம். துண்டு, விழுது, எண்ணெய் மூன்றும் வெவ்வேறு அடர்த்தி. நல்லெண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 915 கிராம்தான், உப்பு ஏறிய மாங்காய் விழுது தண்ணீரைவிடக் கனம். மேலே மூடிக்கு இடைவெளியும் விட வேண்டும். இரண்டு பாட்டில் மாதிரி வாங்கி, காலி பாட்டிலை மெஷினில் வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கி, வீட்டில் இருக்கும் ஊறுகாயை நிரப்பிப் பாருங்கள். துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நின்று, விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் இருக்கும்போது மெஷின் என்ன காட்டுகிறதோ அதுதான் அந்தப் பாட்டிலின் கொள்ளளவு.

இங்கே நாம் 300 கிராம் நிகர எடையை எடுத்துக்கொள்கிறோம். நிரப்பும்போது 303 கிராம் நிரப்ப வேண்டும். மெஷின் ஒன்றிரண்டு கிராம் ஏமாற்றினாலும் லேபிளில் சொன்ன எடைக்குக் குறையக் கூடாது. அந்த 3 கிராமும் செலவுதான், கணக்கில் வரும்.

3. சரக்குச் செலவை ஈடு முழுமைக்கும் போடுங்கள்

ஒரு பாட்டிலுக்கு எத்தனை கிராம் மிளகாய்த்தூள், எத்தனை கிராம் வெந்தயம் என்று தொடங்குபவர்கள் நடுவழியில் குழம்பிவிடுகிறார்கள். முழு ஈட்டின் செலவைக் கூட்டி, கடைசியில் ஒரே முறை வகுப்பதுதான் பிழை வராத வழி.

10 கிலோ மாங்காயில் காம்பு, கொட்டை, ஓடு போக 7 கிலோ துண்டு கிடைத்தது என்று வைப்போம். அதற்கான சரக்கு:

- மாங்காய் 10 கிலோ, கிலோ 45 வீதம்: 450 ரூபாய்
- சந்தைக்குப் போய்வந்த வண்டிச் செலவு: 80
- கல்லுப்பு 1 கிலோ: 25
- மிளகாய்த்தூள் 700 கிராமுக்கு வற்றல் 800 கிராம், மில் கூலியோடு: 220
- மஞ்சள்தூள் 100 கிராம்: 25
- கடுகு 200 கிராம்: 24
- வெந்தயம் 75 கிராம்: 9
- கூட்டுப் பெருங்காயம் 50 கிராம்: 75
- நல்லெண்ணெய் 2 லிட்டர், லிட்டர் 400 வீதம்: 800
- கேஸ்: 40
- கையுறை, தலையுறை, துடைக்கும் துணி, சோப்பு: 52

மொத்தம் 1,800 ரூபாய்.

இதில் மூன்று இடத்தில் புதியவர்கள் தவறுகிறார்கள். முதலாவது மிளகாய். 700 கிராம் தூள் வேண்டுமென்றால் 700 கிராம் வற்றல் வாங்கினால் போதாது. காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து வரும்போது எடை குறையும். வாங்கிய எடைக்குத்தான் விலை எழுத வேண்டும், கிடைத்த தூளுக்கு அல்ல.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் உப்பு, மஞ்சள், கேஸ் ஆகியவற்றைச் சும்மா வந்ததாக விட்டுவிடுவது. ஊறுகாய்க்கு எடுத்த உப்பை வீட்டுக்கு மீண்டும் வாங்கத்தான் போகிறோம். சொந்த மரத்து மாங்காயாக இருந்தாலும் அன்றைய சந்தை விலையைப் போடுங்கள். அடுத்த ஆண்டு மரம் காய்க்காவிட்டால் வெளியில் வாங்க வேண்டியிருக்கும், அப்போது விலையைத் திடீரென உயர்த்த முடியாது.

மூன்றாவது எண்ணெய். ஊறவிட்ட நாலைந்து நாளில் துண்டுகள் எண்ணெயை இழுத்து மட்டம் இறங்கிவிடும். அப்போது மேலே ஊற்றும் எண்ணெயைப் பலரும் எழுதுவதில்லை. 2 லிட்டரில் 200 மில்லியைக் காய்ச்சி ஆறவைத்துத் தனியே எடுத்து வைத்துவிட்டால் கணக்கும் தவறாது, பாட்டிலில் துண்டு வெளியே தெரிந்து பூஞ்சை பிடிப்பதும் நிற்கும்.

4. எத்தனை பாட்டில் வந்தது என்று எண்ணுங்கள், ஊகிக்காதீர்கள்

அடக்க விலை தவறாகப் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். 10 கிலோ மாங்காய், ஏறக்குறைய 4 கிலோ மசாலாவும் எண்ணெயும், ஆக 14 கிலோ, 300 கிராம் வீதம் 46 பாட்டில் என்று தாளில் போட்டுவிடுகிறார்கள். 1,800 ரூபாயை 46-ஆல் வகுத்தால் பாட்டிலுக்கு 39 ரூபாய் வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் மாங்கொட்டையையும் சேர்த்து விற்றிருக்கிறோம்.

உண்மையில் நடப்பது இது. துண்டு 7 கிலோ, உப்பும் மசாலாவும் 2.1 கிலோ சுமார், எண்ணெய் 1.8 கிலோ சுமார். சேர்ந்து 10.9 கிலோவுக்குச் சற்று மேல். அதிலிருந்து ஜாடியிலும் கரண்டியிலும் ஒட்டியது, ஊறும்போது ஆவியானது, ருசி பார்த்தது எல்லாம் போக 10.4 கிலோ மிஞ்சும். 303 கிராம் வீதம் 34 பாட்டில் நிரம்பும்.

அந்த 34-ம் விற்பனைக்கு அல்ல. ஒரு பாட்டிலை ஈட்டு எண் எழுதி வீட்டிலேயே வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து யாராவது 'ஊறுகாய் புளித்துப் பொங்குகிறது' என்று சொன்னால், அதே ஈட்டுப் பாட்டிலைத் திறந்து பார்த்தால்தான் தவறு தயாரிப்பிலா, வாங்கியவர் ஈரக் கரண்டி போட்டதாலா என்று தெரியும். இன்னொன்று மூடி சரியாக அமராமல் எண்ணெய் கசிந்தோ, ருசிக்குக் கொடுத்தோ போகும். ஆக விற்க இருப்பது 32.

இனி எல்லாச் செலவையும் 32-ஆல்தான் வகுக்க வேண்டும். நிரப்பிய பாட்டிலால் அல்ல, காசாகும் பாட்டிலால்.

5. பாட்டில், மூடி, லேபிள்

கண்ணாடி பாட்டில் மூடியோடு 16 ரூபாய் என்றால் உங்கள் செலவு 16 அல்ல. நூறு பாட்டிலுக்கு 1,600, லாரி பார்சல் 200, ஆக 1,800. பெட்டியைப் பிரித்தால் விளிம்பு உடைந்தது, மூடியின் உள்வளையம் கிழிந்தது என்று நான்காவது ஒதுக்க வேண்டியிருக்கும். 96 நல்ல பாட்டிலுக்கு 1,800 என்றால் ஒன்று 18.75 ரூபாய்.

விளிம்பில் சிறு சில்லு போன பாட்டிலை 'பரவாயில்லை' என்று நிரப்ப வேண்டாம். மூடி காற்று புகாமல் அமராது. கண்ணாடித் தூள் ஊறுகாயில் விழுந்தால் ஒரு பாட்டிலோடு போகாது.

லேபிள் எண்ணெய் படும் இடத்தில் இருப்பதால் லேமினேஷன் போட்டதாக இருக்க வேண்டும். வெறும் காகிதத்தில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கிவிடும். நூறு லேபிள் 450 ரூபாய்க்கு அடித்தால், கோணலாக ஒட்டிப் பிய்த்தது, கை எண்ணெய் பட்டது என்று பத்து போகும். 90-க்கு 450 என்றால் ஒன்று 5 ரூபாய். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை பாதிக்கும் கீழே வரும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு ஈட்டுக்குள் பொருள்பட்டியலிலோ எடையிலோ ஏதாவது மாறாமல் இருப்பதில்லை. அப்போது மீதி லேபிள் குப்பைக்குத்தான் போகும். இரண்டாவது சீசனில் ஆயிரம் அடியுங்கள்.

மூடி மேல் ஒட்டும் சீல் பட்டை 1.25 ரூபாய். ஆக ஒரு பாட்டிலுக்கு 25 ரூபாய். 34 பாட்டிலும் இதைத் தின்றிருக்கின்றன, எனவே ஈட்டுக்கு 850 ரூபாய்.

6. உழைப்புக்குக் கூலி போடுங்கள்

'நம்ம கைதானே' என்று இதை விடுபவர்கள்தான் அதிகம். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காரணம் போதும்: ஆர்டர் இரட்டிப்பானால் நறுக்க ஆள் வைக்க வேண்டும், அன்று முதல் ஒவ்வொரு பாட்டிலும் நட்டம்.

இந்த ஈட்டுக்கு நேரம் இப்படிப் போகும். சந்தை ஒன்றரை மணி. கழுவி, ஒவ்வொன்றாக ஈரம் துடைத்து, நறுக்க 4 மணி. ஊறும் நாட்களில் கிளறிவிட மொத்தம் அரை மணி. வறுத்து, பொடித்து, எண்ணெய் காய்ச்சி ஆறவைத்துக் கலக்க 2 மணி. பாட்டில் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, முழுக்கக் காயவைக்க ஒன்றரை மணி. நிரப்பி, எடைபோட்டு, விளிம்பு துடைத்து, மூடி, லேபிள் ஒட்ட இரண்டரை மணி. பாத்திரம் கழுவ ஒரு மணி. ஆக 13 மணி நேரம்.

மணிக்கு 70 ரூபாய் என்றால் 910 ரூபாய். உங்கள் பகுதியில் ஒருவரை இந்த வேலைக்கு அழைத்தால் என்ன கேட்பார்களோ அந்தத் தொகையைப் போடுங்கள்.

7. ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவுக் கட்டணம், எடை மெஷின், ஜாடி, பெரிய பாத்திரம், மிக்ஸி தேய்மானம், மின்சாரம், போன், ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் ஒரு ஈட்டோடு முடிவதில்லை. ஆண்டு முழுக்க ஆகும் தொகையைக் கூட்டி, ஆண்டில் விற்க நினைக்கும் பாட்டிலால் வகுக்க வேண்டும். 6,000 ரூபாய், 600 பாட்டில் என்றால் பாட்டிலுக்கு 10 ரூபாய். இந்த ஈட்டின் 32 பாட்டிலுக்கு 320.

இங்கே ஆசையில் 2,000 பாட்டில் என்று எழுதிவிட்டால் செலவு குறைவாகத் தெரியும். சென்ற சீசனில் விற்றதைப் போடுங்கள். முதல் ஆண்டு என்றால் உறுதியாகத் தெரிந்த ஆர்டரை மட்டும் போடுங்கள்.

8. அடக்க விலை

சரக்கு 1,800, பாட்டில் முதலியன 850, உழைப்பு 910, ஆண்டுச் செலவில் பங்கு 320. மொத்தம் 3,880. அதை 32-ஆல் வகுத்தால் ஒரு பாட்டில் 121 ரூபாய் 25 காசு.

இதைப் புதியவரின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். சரக்கு 39, பாட்டில் 16, லேபிள் 4.50, ஆக ஏறக்குறைய 60 ரூபாய். நூறு ரூபாய்க்கு விற்றால் நாற்பது லாபம் என்று நினைப்பார். 32 பாட்டிலுக்கு 3,200 ரூபாய் வரும். சரக்குக்கும் பாட்டிலுக்கும் 2,650 போகும், ஆண்டுச் செலவுக்கு 320 போகும். மிஞ்சுவது 230. 13 மணி நேர உழைப்புக்கு அது, அதாவது மணிக்கு 18 ரூபாய்கூட இல்லை. கையில் பணம் புரள்வதால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

9. விற்பனை விலையைப் பின்னாலிருந்து போடுங்கள்

அடக்க விலையின் மேல் இருபது சதவீதம் கூட்டினால் லாபம் இருபது சதவீதம் என்று நினைப்பது அடுத்த தவறு. கடைக்காரர் கேட்கும் கமிஷன் விற்பனை விலையின் மேல். உடைந்து, கசிந்து, மாற்றிக் கொடுப்பதால் வரும் சேதமும் விற்பனையோடுதான் ஏறும். அதனால் லாபத்தையும் விற்பனை விலையின் பங்காகவே வைத்துக் கணக்கிட வேண்டும்.

```
விற்பனை விலை = அடக்க விலை ÷ (1 − கமிஷன் − சேதம் − லாபம்)
```

வீட்டிலிருந்து நேரடியாக விற்றால் கமிஷன் இல்லை. சேதம் 3 சதவீதம், லாபம் 20 சதவீதம் என்று வைத்தால் 121.25 ÷ 0.77. விடை 157 ரூபாய் சொச்சம், அதை 160 ஆக்கலாம்.

இப்போது அதே 160 ரூபாய்ப் பாட்டிலை ஒரு கடைக்காரர் 25 சதவீதக் கமிஷனுக்குக் கேட்கிறார். உங்களுக்கு வருவது 120. அடக்க விலையே 121.25. ஒரு பாட்டில்கூட உடையாமல் எல்லாம் விற்றாலும் பாட்டிலுக்கு ஒன்றேகால் ரூபாய் நட்டம். உழைப்புக் கூலியைச் சேர்க்காதவர் இதையும் லாபம் என்றே நினைத்து மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கடைக்குக் கொடுக்கும் எண்ணம் பின்னால் வருமென்றாலும் முதல் நாளே அதற்கான விலையை வைத்துவிடுங்கள். கமிஷன் 25, சேதம் 3, லாபம் 12 சதவீதம் என்றால் 121.25 ÷ 0.60. விடை 202. அதை 200 என்று வைக்கலாம். கடையில் விற்றால் கமிஷன் 50, சேதம் 6, அடக்கம் 121.25 போக 22.75 மிஞ்சும். நேரடியாக விற்றால் அந்த 50-ம் உங்களிடமே இருக்கும். அதிலிருந்து பழைய வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் வீட்டில் 150-க்கும் கடையில் 200-க்கும் விற்றால் கடைக்காரர் ஒரு மாதத்தில் பாட்டிலைத் திருப்பிவிடுவார்.

'விற்றதும் காசு' என்று பேசும் கடையில் விற்காத பாட்டில் திரும்பி வரும், வெயில் பட்டு லேபிள் வெளுத்துப்போய் வரும். அப்படிப்பட்ட கடைக்குச் சேதத்தை 3 சதவீதமாக வைத்தால் போதாது. முதல் மாதம் ஆறு பாட்டில் மட்டும் கொடுத்து, எத்தனை திரும்புகிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள்.

200 ரூபாய் சந்தையில் ஏறாது என்று தோன்றினால் லாபத்தை அல்ல, செலவை முதலில் பாருங்கள். 12-ஆம் பகுதியில் அது இருக்கிறது. 150 கிராம் சின்ன பாட்டிலுக்கு மாறி விலையைக் குறைவாகக் காட்டும் வழியும் உண்டு. ஆனால் ஊறுகாய் பாதியானாலும் பாட்டிலும் லேபிளும் நிரப்பும் நேரமும் பாதியாவதில்லை. சின்ன பாட்டிலை 200-இல் பாதியாகிய 100 ரூபாய்க்கு வைத்தால் நட்டம் வரலாம். அதற்குத் தனியாக இந்தக் கணக்கு முழுவதையும் போட வேண்டும்.

10. விலையை லேபிளில் ஏற்றும்போது

விலை முடிவான பிறகுதான் லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. அச்சிட்ட எம்ஆர்பி மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்ற முடியாது, குறைக்க மட்டுமே முடியும், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. எனவே எம்ஆர்பி, ஈட்டு எண், தயாரித்த தேதி, பயன்படுத்தும் காலக்கெடு ஆகியவற்றுக்கு லேபிளில் வெற்றுக் கட்டம் விட்டு அச்சடித்து, ஒவ்வொரு ஈட்டுக்கும் அதில் முத்திரை குத்துங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் லேமினேஷன் வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட வேண்டும். பளபளப்பின் மேல் மை நிற்காமல் கையோடு வந்துவிடும்.

எம்ஆர்பிக்குப் பக்கத்தில் அலகு விலையும் வர வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்கு அது ஒரு கிராமின் விலை. 200 ரூபாயை 300-ஆல் வகுத்தால் 0.67. நிகர எடை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், புகார் சொல்ல வேண்டிய எண், பச்சைப் புள்ளி, எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையோடு 14 இலக்க எண், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை பொருள்பட்டியல் ஆகியவையும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் முழு லேபிளையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அதுவும் பாட்டிலுக்கு 5 ரூபாய்.

பெருங்காயத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் படித்துப் பாருங்கள். இருந்தால் உங்கள் லேபிளிலும் கோதுமை இருப்பதைச் சொல்ல வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அது உடல்நலக் கேள்வி.

11. கூரியரில் அனுப்பினால்

அட்டைப்பெட்டி, குமிழ் உறை, டேப், கூரியர் கட்டணம் எதையும் எம்ஆர்பிக்குள் அடக்க முயல வேண்டாம். தூரத்துக்குத் தூரம் மாறும் செலவை நிலையான விலையில் சேர்த்தால் உள்ளூர்க்காரர் மேல் அது ஏறும். தனியாக வாங்குங்கள்.

பல கூரியர்களில் கட்டணம் அரைக்கிலோ படியாக ஏறும். 300 கிராம் ஊறுகாய், கண்ணாடி பாட்டில், பெட்டி எல்லாம் சேர்ந்தால் அரைக்கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு பாட்டிலுக்கே ஒரு கிலோ கட்டணம். வெளியூர் ஆர்டருக்கு மட்டும் உணவுத் தரப் பெட் பாட்டில் வைத்துக்கொண்டால் அதே ஊறுகாய் பெரும்பாலும் அரைக்கிலோவுக்குள் அடங்கும், உடையவும் உடையாது. ஆனால் ஊறுகாய் முழுக்க ஆறிய பிறகே அதில் நிரப்ப வேண்டும், சூட்டில் பெட் பாட்டில் சுருங்கிக் கோணிவிடும். அந்தப் பாட்டிலுக்கு அடக்க விலையைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

12. எந்த விலை ஏறினால் பாட்டிலுக்கு எவ்வளவு

மாங்காய் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் ஈட்டுக்கு 200 கூடும், பாட்டிலுக்கு 6.25. நல்லெண்ணெய் லிட்டருக்கு 100 ரூபாய் ஏறினாலும் அதே 6.25தான். உப்பு, கடுகு, வெந்தயம் எவ்வளவு ஏறினாலும் காசுக் கணக்கு. இவற்றைக் குறைக்கப் பாடுபடுவதில் பயனில்லை. எண்ணெயைக் குறைத்தால் துண்டு மூழ்காது, உப்பைக் குறைத்தால் புளித்து நுரைக்கும், மூடி உப்பும்.

அதிகம் கவனிக்காத ஒன்று கொட்டையின் அளவு. அதே 10 கிலோவில் 7 கிலோவுக்குப் பதில் 6 கிலோ துண்டுதான் கிடைத்தது என்று வைப்போம். மசாலாவையும் எண்ணெயையும் அதே விகிதத்தில் குறைத்தாலும் 29 பாட்டில்தான் நிரம்பும், விற்க 27. மாங்காய்க் காசும் 13 மணி நேரக் கூலியும் குறையாது. மொத்தம் 3,537 ரூபாய், 27-ஆல் வகுத்தால் பாட்டிலுக்கு 131. கிட்டத்தட்ட 10 ரூபாய் ஏறிவிட்டது, மாங்காய் விலை 20 ரூபாய் ஏறினாலும் இவ்வளவு ஏறாது.

ஆகையால் சந்தையில் விலை கேட்கும் முன் ஒரு காயை வெட்டச் சொல்லிப் பாருங்கள். சதை கனமாக, வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். கொட்டை பெருத்து, சதை மஞ்சள் பாரித்திருந்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். துண்டு குறையும், ஊறியதும் குழைந்துபோகும். வாங்கி வந்ததும் ஒரு கிலோவை நறுக்கித் துண்டை எடைபோட்டுவிட்டு, மசாலா அளவைப் பிறகு தீர்மானியுங்கள். துண்டு 700 கிராமுக்குக் கீழே வந்தால் அந்த ஈட்டின் பக்கத்தில் அதை எழுதிவைத்து, பாட்டில்களையும் லேபிள்களையும் அதற்கேற்பக் குறைத்து எடுங்கள்.

மாங்காய் மலிவாக இருக்கும் வாரத்திலேயே ஆண்டுத் தேவைக்கும் வாங்கி, துண்டுகளை உப்பிலிட்டு ஜாடியில் வைத்து, ஆர்டருக்கு ஏற்ப மசாலா சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் விலை ஏற்றத்திலிருந்து தப்பலாம். ஆனால் ஜாடியில் முடங்கிக் கிடக்கும் பணத்தையும், கெட்டுப்போய் ஒதுக்கும் துண்டுகளையும் எழுதுங்கள். ஜாடியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் எடை போட்டு, அந்த ஈட்டின் பக்கத்தில் 'துண்டு இவ்வளவு, வாங்கிய மாதம் இது' என்று குறித்தால், அடுத்த சீசனில் எந்த வாரம் எத்தனை கிலோ வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும்.